இயல்களை ஏன் இடம் மாற்றினேன்? நெறியாளருக்கு ஒரு பக்கக் கடிதம்

முனைவர் பட்ட ஆய்வேட்டின் திருத்திய வரைவு நெறியாளரின் மேசைக்கு வருகிறது. போன முறை மூன்றாம் இயலாக அவர் படித்துக் குறிப்பெழுதிய பகுதி இப்போது ஆறாம் இயலாக இருக்கிறது. ஆறாவது நான்காகியிருக்கிறது. தாம் பென்சிலால் கோடிட்ட பத்தியைத் தேடினால் அது பழைய பக்கத்தில் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 ஆய்வாளர்கள் வரை வழிநடத்தலாம். அத்தனை ஏடுகளின் இயல் வரிசையையும் அவர் மனத்தில் வைத்திருக்க முடியாது. அதனால் வரைவோடு ஒரு கடிதம் போக வேண்டியிருக்கிறது. ஆய்வு மாணவர்கள் ‘கவரிங் லெட்டர்’ என்பார்கள். முகப்புக் கடிதம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கடிதத்தைப் பலரும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். “தாங்கள் கூறியபடி திருத்தங்கள் செய்துள்ளேன். வாசிப்பு ஓட்டத்துக்காக இயல்களின் வரிசையை மாற்றியுள்ளேன்.” இதில் ‘வாசிப்பு ஓட்டம்’ என்பது காரணமாகவே நிற்காது. எந்த வரிசையைப் பற்றியும் அப்படிச் சொல்லலாம். நெறியாளர் அறிய விரும்புவது ஒன்றுதான்: எந்த இயல் எந்த இயலைச் சார்ந்து நிற்கிறது, அந்தச் சார்பு முன்பு எங்கே தவறியிருந்தது?

வரிசைக்குக் காரணம் சொல்லும் மரபு

தமிழில் இது புதிய வேலை அன்று. திருக்குறளுக்கு உரையெழுதிய பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரத்தின் தலைப்பிலும் அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் குறளுக்குள் நுழைவார். கடவுள் வாழ்த்தின் பின் வான்சிறப்பு வருவது ஏன்? உலகமும் அறம் முதலியனவும் நடப்பதற்கு மழை காரணம், அந்த மழை கடவுளின் ஆணையால் பெய்கிறது. அதிகார முறையும் இதனாலேயே விளங்கும் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். தொல்காப்பிய உரைகளிலும் ஓர் இயல் தொடங்கும்போது முன்னதற்கும் அதற்கும் உள்ள இயைபு கூறப்படுகிறது. நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணும் நன்னூல், முறையாக வைப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

உரையாசிரியர்களுக்கு இது சடங்காக இருக்கவில்லை. திருக்குறளில் உரைக்கு உரை குறள் வரிசை மாறும். சில இடங்களில் அதிகார வரிசையும் மாறும். வேறு வரிசை சாத்தியம் என்று தெரிந்திருந்ததால்தான் தாம் கொண்ட வரிசைக்குக் காரணம் காட்ட வேண்டியிருந்தது. ஆய்வேட்டின் நிலையும் அதுவே.

ஓர் ஏரி ஆய்வு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். செங்கல்பட்டுப் பகுதியில் ஒரே வட்டத்தில் உள்ள மூன்று ஏரிகளைப் பற்றி ஒருவர் ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரிகள் இருக்கின்றன. பலவற்றில் மடையைத் திறந்து, ஆயக்கட்டு முழுவதற்கும் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுபவர் நீர்க்கட்டி. ஊரார் அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். சில ஊர்களில் இந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறது. பல ஊர்களில் மறைந்துவிட்டது. ஏன் என்பதுதான் ஆய்வின் கேள்வி.

முதல் வரைவின் வரிசை இப்படி: 1. அறிமுகம். 2. முந்தைய ஆய்வுகள். 3. ஏரிப் பாசன வரலாறு. 4. ஆய்வுப் பகுதியும் ஆய்வுமுறையும். 5. கிணறுகளின் பெருக்கம். 6. நீர்க்கட்டியும் ஊர் ஏற்பாடும். 7. முடிவுரை.

பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காலவரிசைப்படி வரலாறு முன்னே, களம் பின்னே. ஆனால் வரலாற்று இயல் எதில் முடிகிறது என்று கவனிக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1858இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம், குடிமராமத்து வேலையைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது. பின்னர் பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறையிடம் போயின. ஊராரின் பொறுப்பு தளர்ந்தது என்பதில் முடிகிறது. மூன்றாம் இயலிலேயே இதைப் படித்த வாசகர், அரசு தலையிட்டதால்தான் ஊர் ஏற்பாடு குலைந்தது என்ற தீர்ப்போடு களத்துக்குள் வருவார். அதன்பிறகு ஐந்தாம் இயலில் வரும் கிணற்றுக் கணக்கு அவருக்குத் துணைத் தகவலாகத்தான் தெரியும்.

களத் தரவு வேறொன்றைச் சொல்கிறது. மூன்று ஏரிகளும் ஒரே சட்டத்தையும் ஒரே துறையையும் கடந்து வந்தவை. இருந்தும் ஓர் ஊரில் நீர்க்கட்டி இருக்கிறார். மற்ற இரண்டில் இல்லை. மூன்று ஊர்களுக்கும் பொதுவான ஒன்று, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்க முடியாது. வேறுபாடு ஆயக்கட்டுக்குள் இருக்கும் கிணறுகளில் தெரிகிறது. கிணறும் பம்புசெட்டும் உள்ளவருக்கு மடை திறக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீர்க்கட்டிக்கு நெல் அளக்கவும் வாய்க்கால் தூர்வாரும் நாளில் ஆள் அனுப்பவும் அவருக்கு அவசரம் குறைகிறது. ஆனால் அவர் கிணற்றில் ஊறும் நீரில் ஒரு பங்கு ஏரியிலிருந்தே கசிந்து வருவது. ஏரி கெட்டால் கிணறும் தாழும். இந்த முரண்தான் ஆய்வின் மையம். பழைய வரிசையில் அது ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் சிதறிக் கிடந்தது.

புதிய வரைவில் ஆய்வுமுறை மூன்றாம் இயலாகிறது. நீர்க்கட்டி பற்றிய ஆறாம் இயல் நான்காகிப் புதிரை முதலில் வைக்கிறது. கிணறுகள் ஐந்தாம் இயலிலேயே நின்று விடை தருகின்றன. வரலாறு ஆறாம் இடத்துக்குப் போய், கிணறுகள் இந்த ஊரில் பெருகி அந்த ஊரில் பெருகாததற்கு நில உடைமையும் மின் இணைப்பும் எப்படிக் காரணமாயின என்பதை விளக்குகிறது. வரலாறு இப்போது முன்கதையாக இல்லை. வாதத்தின் ஒரு படியாக இருக்கிறது. வரலாற்றை முன்னே வைப்பதில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. முன்பு ஊரே எல்லாவற்றையும் ஒற்றுமையாக நடத்திய பொற்காலம் ஒன்று இருந்தது என்ற எண்ணத்தை அது வாசகரிடம் விதைத்துவிடும். தமிழகத்தின் தென்பகுதி ஏரிகளை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலில் அந்த எண்ணத்தைத்தான் கேள்விக்கு உள்ளாக்கினார்.

மாற்றம் தேவையா என்று எப்படித் தெரியும்?

கடிதம் எழுதுவதற்கு முன் ஆய்வாளர் தமக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் இயல்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு வாக்கியங்கள் எழுத வேண்டும். ஒன்று, இந்த இயல் எதை நிறுவுகிறது. மற்றது, அதற்கு முன் வாசகருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்தில் பின்னால் வரும் இயலின் பொருள் வந்துவிட்டால் அங்கேதான் வரிசை முறிகிறது.

வரைவின் மொழியும் காட்டிக்கொடுக்கும். கோப்பைத் திறந்து ‘பின்னர் விளக்கப்படும்’, ‘அடுத்த இயலில் காணலாம்’ போன்ற தொடர்களைத் தேடிப் பார்க்கலாம். அறிமுகத்தில் இவை வருவது இயல்பு. நடு இயல்களில் அடிக்கடி வந்தால், வாசகருக்கு இப்போதே வேண்டியதை எழுத்தாளர் கடன் சொல்லித் தள்ளிக்கொண்டே போகிறார் என்று பொருள். ஒரே செய்தி இரண்டு இயல்களில் ஏறக்குறைய அதே சொற்களில் வருவது இன்னோர் அடையாளம். நம் ஏரி ஆய்வில் 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுருக்கம் மூன்றாம் இயலிலும் வந்தது, ஆறாம் இயலின் தொடக்கத்திலும் வந்தது. மூன்று தொலைவில் போய்விட்டதால் ஆறில் நினைவூட்ட வேண்டியிருந்தது. கூறியது கூறல் என்னும் குற்றம் பல நேரங்களில் தவறான வரிசையின் விளைவு.

இந்தச் சோதனையில் எதுவும் அகப்படவில்லை என்றால் இயல்களைத் தொடாமல் இருப்பதே நல்லது. மாற்றத்துக்குச் செலவு உண்டு.

நகர்த்தினால் என்னென்ன உடையும்?

முதலில் உடைவது கலைச்சொல் விளக்கம். ஆயக்கட்டு, கலங்கு, மடை, குடிமராமத்து எல்லாவற்றுக்கும் பழைய மூன்றாம் இயலில்தான் விளக்கம் இருந்தது. அது ஆறாம் இடத்துக்குப் போனதும் நான்காம் இயல் விளக்கமில்லாச் சொற்களோடு நிற்கும். எனவே அந்த விளக்கங்களை மட்டும் பிரித்து ஆய்வுமுறை இயலுக்குள் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது அடிக்குறிப்புகள். தமிழ் ஆய்வேடுகளில் முன்குறிப்பில் சொன்ன நூலையே மீண்டும் சுட்ட ‘மேலது’ என்று போடுவது வழக்கம். ஒரு பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டியதும் அந்த ‘மேலது’ வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். கணினி இதைப் பிழையாகக் காட்டாது. தேர்வாளர் நூலகத்தில் சரிபார்க்கும்போதுதான் தெரியவரும். இயல்களை நகர்த்துவதற்கு முன்பே ‘மேலது’ எல்லாவற்றையும் முழுக் குறிப்பாக மாற்றிவிட்டு, வரிசை உறுதியான பிறகு மறுபடி சுருக்குவது பாதுகாப்பானது.

மூன்றாவது எண்கள். அட்டவணை 6.2 இப்போது 4.2 ஆகியிருக்கும். உரைக்குள் கையால் தட்டிய ‘அட்டவணை 6.2’ அப்படியே இருக்கும். வேர்டில் குறுக்குச் சுட்டுகளாக அமைத்திருந்தால் Ctrl+A அழுத்தி F9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். அடிக்குறிப்புப் பகுதிக்குள் தனியாகச் சென்று அதையே மீண்டும் செய்ய வேண்டும். சுட்டப்பட்ட இடம் அழிந்திருந்தால் Error! Reference source not found. என்ற வரி உரைக்குள் தோன்றும். அனுப்புமுன் Error! என்று ஒரு தடவை தேடிவிடுவது நல்லது.

நான்காவது, நெறியாளருக்கு நேரடியாகத் தொல்லை தருவது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் வேர்டில் ஒப்பிட்டால், நகர்த்தித் திருத்திய இயல் பெரும்பாலும் ஓரிடத்தில் முழுவதும் நீக்கப்பட்டதாகவும் வேறிடத்தில் முழுவதும் புதிதாகச் சேர்க்கப்பட்டதாகவும் தெரியும். உண்மையில் மாறியது எட்டு வாக்கியமாக இருக்கலாம்; திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும். இதைத் தவிர்க்க வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் எந்தச் சொல்லையும் மாற்றாமல் இயல்களை மட்டும் நகர்த்தி ஒரு கோப்பாகச் சேமிக்க வேண்டும். பிறகு அந்தக் கோப்பின் நகலில் திருத்தங்களைச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் உண்மையான திருத்தம் மட்டும் தெரியும்.

கடிதம் எப்படி இருக்கும்?

இவ்வளவும் முடிந்த பிறகு கடிதம் ஒரு பக்கத்தில் அடங்கும். நம் ஏரி ஆய்வாளர் இப்படி எழுதலாம்:

*மதிப்பிற்குரிய அம்மா,*

*வணக்கம். ஆய்வேட்டின் இரண்டாம் வரைவை இத்துடன் அனுப்பியுள்ளேன். இதில் மூன்று இயல்கள் இடம் மாறியுள்ளன. தரவும் முடிவுகளும் மாறவில்லை.*

*பழைய இயல் 3 (வரலாறு) இப்போது இயல் 6.*
*பழைய இயல் 4 (ஆய்வுமுறை) இப்போது இயல் 3.*
*பழைய இயல் 6 (நீர்க்கட்டி) இப்போது இயல் 4.*
*இயல் 1, 2, 5, 7 பழைய இடத்திலேயே உள்ளன.*

*காரணம்: மூன்று ஏரிகளும் ஒரே சட்டத்துக்கும் ஒரே துறைக்கும் உட்பட்டவை. ஆகவே அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை நிர்வாக வரலாறு மட்டும் விளக்காது. பழைய வரிசையில் அந்த வரலாறு முதலில் வந்ததால், அதுவே விடை என்ற எண்ணம் எழுந்தது. “கிணறுகள் எதற்காக இங்கே வருகின்றன?” என்று இயல் 5இன் ஓரத்தில் தாங்கள் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் வரிசையில் உள்ள சிக்கல் புலப்பட்டது. இப்போது இயல் 4 வேறுபாட்டைக் காட்டுகிறது, இயல் 5 கிணறுகளைக் கொண்டு அதை விளக்குகிறது, இயல் 6 கிணறுகள் ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவில் பெருகிய காரணத்தை வரலாற்றில் தேடுகிறது.*

*புதிதாக எழுதியவை: இயல் 3இல் பாசனச் சொற்களின் விளக்கம், இயல் 4இன் முதல் இரண்டு பக்கம், இயல் 6இன் கடைசிப் பகுதி. நீக்கியது: பழைய இயல் 6இன் தொடக்கத்தில் இருந்த சட்டச் சுருக்கம். மற்றவை நகர்த்தப்பட்டவை மட்டுமே. தங்கள் முந்தைய குறிப்புகள் ஒவ்வொன்றும் இப்போது எந்தப் பக்கத்தில் உள்ளன என்ற பட்டியலைத் தனித் தாளில் இணைத்துள்ளேன்.*

*இம்மாற்றத்தால் ஓர் இழப்பு உண்டு. பாசன வரலாறு அறியாத தேர்வாளர், குடிமராமத்தின் பின்னணி இல்லாமல் இயல் 4க்குள் நுழைவார். அறிமுகத்தில் இரண்டு பக்கம் பின்னணி சேர்த்திருக்கிறேன். அது போதுமா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.*

*நேரம் குறைவாக இருந்தால் இயல் 4இன் தொடக்கத்தையும் இயல் 6இன் கடைசிப் பகுதியையும் மட்டும் பார்த்தால் போதும். வரிசை தங்களுக்கு ஏற்புடையதா என்று தெரிந்த பிறகே முடிவுரையைத் திருத்தலாம் என்றிருக்கிறேன்.*

*பணிவன்புடன்,*
*ஆய்வாளர்*

கடிதத்துக்குள் நடப்பது என்ன?

முதல் பத்தியில் எது மாறவில்லை என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. வரிசை மாறியதைக் கண்டதும் நெறியாளருக்கு எழும் முதல் அச்சம், முடிவும் மாறிவிட்டதோ என்பதுதான். அதைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பார்.

பழையதும் புதியதும் எதிரெதிரே வைக்கப்பட்டுள்ளன. உரைநடையில் “மூன்றை ஆறாக்கி, ஆறை நான்காக்கி” என்று எழுதினால் எழுதியவரே குழம்புவார். நகராத இயல்களையும் குறிப்பிட்டால் தேட வேண்டிய இடம் குறைகிறது.

காரணம் நெறியாளரின் சொந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. இது முகத்துதிக்காகச் செய்வதாக இருந்தால் பயனில்லை. உண்மையாகவே அவர் கேள்விதான் சிக்கலைத் திறந்தது என்றால் அதைக் குறிப்பிடுவது, போன முறை அவர் செய்த வேலை இந்த வரைவில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டுகிறது. அவர் சொல்லாத மாற்றத்தை ‘தாங்கள் கூறியபடி’ என்று அவர் தலையில் வைப்பது கூடாது. வாய்மொழித் தேர்வில் அது திரும்பி வரும்.

இழப்பை மறைக்காமல் சொன்னது முக்கியமானது. எந்த வரிசைக்கும் ஒரு விலை உண்டு. வரலாற்றுத் துறையில் காலவரிசையைத் தேர்வாளர்கள் எதிர்பார்ப்பார்கள் என்ற மறுப்பு வரலாம். அந்த மறுப்பை ஆய்வாளரே முன்வைத்து, அதற்குச் செய்த ஏற்பாட்டையும் சொல்லிவிட்டால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும். நெறியாளர் “இரண்டு பக்கம் போதாது, ஐந்து பக்கம் எழுதுங்கள்” என்பார். அல்லது “வரலாற்றை இரண்டாகப் பிரித்து முற்பகுதியை முன்னே வையுங்கள்” என்பார். இரண்டுமே பயனுள்ள விடைகள்.

முடிவுரையைத் திருத்தாமல் நிறுத்தி வைத்திருப்பதும் யோசித்துச் செய்ததுதான். வரிசையை அவர் ஏற்காவிட்டால் முடிவுரையில் செய்த வேலை வீணாகும். கேள்வி தெளிவாக இருப்பதால் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே விடை சொல்லிவிடலாம்.

எப்போது கடிதம் மட்டும் போதாது?

பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டுக்கு முன் ஆய்வுச் சுருக்கம் சமர்ப்பிக்கப்படுகிறது. அதில் இயல் பகுப்பும் இருக்கும். சுருக்கம் போவதற்கு முன் வரிசையை மாற்றுவது நெறியாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையிலான விஷயம். போன பிறகு மாற்றினால், சுருக்கத்தைப் படித்த தேர்வாளர் வேறு வரிசையை எதிர்பார்த்து ஏட்டைத் திறப்பார். அந்த நிலையில் நெறியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, குழுவுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதை. 2022 விதிகளின்படி ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் வேலையை எடுத்துரைக்க வேண்டும். வரிசை மாற்றத்தை அங்கே சொல்லி அறிக்கையில் பதிய வைத்துவிட்டால் பின்னால் கேள்வி எழாது.

நெறியாளர் ஒப்புக்கொண்ட பிறகும் கடிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அறிமுக இயலின் முடிவில் வரும் ‘இயல் பகுப்பு’ என்ற பகுதியில் பலரும் இயல்களின் தலைப்புகளை அடுக்கிவிட்டுப் போவார்கள். கடிதத்தில் உள்ள காரணப் பத்தியைச் சற்று மாற்றி அங்கே வைத்தால் அது ஏட்டின் வாதச் சுருக்கமாகவே அமையும். வாய்மொழித் தேர்வில் “வரலாற்றை ஏன் கடைசியில் வைத்தீர்கள்?” என்று கேட்டால் விடையும் கையில் இருக்கும்.

எனவே, திருத்திய வரைவை அனுப்பப் போகிறவர் கடிதத்தை வேலையின் கடைசியில் எழுதாமல், இயல்களை நகர்த்திய அன்றே காரணப் பத்தியை மட்டுமாவது எழுதிப் பாருங்கள். நான்கைந்து வாக்கியத்தில் காரணம் வந்துவிட்டால் வரிசை நிற்கும். எவ்வளவு முயன்றும் ‘ஓட்டத்துக்காக’ என்பதைத் தாண்டி எழுத வரவில்லை என்றால், இயல்களைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.